ஆறாயிரம் பூநாரைகளும் ஓர் எண் பட்டியலும்

சூலூர்ப்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா போகும் சாலை பழவேற்காடு ஏரியைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. பனிக்கால மாதங்களில் அந்த வழியாக பஸ்ஸில் போகிறவர்களுக்கு இரண்டு பக்க ஜன்னல்களிலும் பூநாரைகள் தெரியும். தூரத்தில் முதலில் அவை பறவைகளாகத் தெரிவதில்லை. நீர்மட்டத்தை ஒட்டி வெளிறிய ரோஜா நிறத்தில் ஒரு கோடு மட்டும் தெரியும். பஸ் நெருங்க நெருங்க அந்தக் கோடு கால்களாகவும் வளைந்த கழுத்துகளாகவும் பிரியும். எல்லாக் கழுத்துகளும் கீழே வளைந்து, அலகு தண்ணீருக்குள் இருக்கும். எதுவும் சும்மா நிற்பதில்லை, எதுவும் பக்கத்துப் பறவையோடு ஒத்து அசைவதும் இல்லை.

ஏரிக்கரையில் பார்வையாளர்களுக்காக அமைத்த ஒரு கூடத்தில், அந்தக் காட்சியைச் சுவர் அளவு திரையில் உயிரோடு காட்டவேண்டும் என்று என்னிடம் கேட்டார்கள். நான் தடாவில் வளர்ந்தவன், வீட்டில் தமிழும் கடைத்தெருவில் தெலுங்கும் பேசுகிறவன், கணினி விளையாட்டுகளுக்கான வரைகலை நிரல்கள் எழுதிப் பிழைப்பவன். காணொளி ஒன்றை ஓட்டினால் போதாதா என்று கேட்டேன். போதாது என்றார்கள். பார்வையாளர் ஒரு கைப்பிடியைத் திருப்பினால் கேமரா ஏரிமேல் நகரவேண்டும், பறவைக் கூட்டத்துக்குள் போகவேண்டும். திரைக்குப் பின்னால் அவர்கள் வைத்திருந்ததோ தனி வரைகலை அட்டைகூட இல்லாத சிறிய கணினி. கூட்டம் கூட்டமாகத் தெரிய எத்தனை பறவை வேண்டும் என்று வரைந்து வரைந்து பார்த்தேன். ஆறாயிரத்துக்குக் கீழே போனால் ஏரி காலியாகத் தெரிந்தது.

ஆறாயிரம் அசையும் பறவைகள் அந்தக் கணினியை ஏன் திணறவைக்கும் என்பதை முதலில் சொல்லவேண்டும். ஒரு முப்பரிமாணப் பூநாரை என்பது முக்கோணங்களால் ஆன ஒரு தோல். என் பறவையின் தோலில் 1,200 முனைகள் இருந்தன. நாங்கள் வெர்டெக்ஸ் என்று சொல்வது இந்த முனைகளைத்தான். தோலுக்குள் 40 எலும்புகள். வழக்கமான முறையில், ஒவ்வொரு பிரேமிலும் ஒவ்வொரு பறவைக்கும் 40 எலும்புகளும் இந்த நொடியில் எந்தக் கோணத்தில் இருக்கின்றன என்று கணக்கிடவேண்டும். பிறகு ஒவ்வொரு முனையையும், அதை இழுக்கும் எலும்புகளின் பங்குக்கு ஏற்ப நகர்த்தவேண்டும். பொதுவாக ஒரு முனையை நான்கு எலும்புகள் வரை இழுக்கும். இதற்கு ஸ்கின்னிங் என்று பெயர். இது முடிந்த பின், "இந்தப் பறவையை வரை" என்று கணினியின் மையச் செயலியான சிபியு, படம் வரையும் செயலியான ஜிபியுவுக்கு ஒரு கட்டளை அனுப்பவேண்டும். அதுதான் டிரா கால்.

ஒரு நொடிக்கு 60 பிரேம் ஓடவேண்டுமானால் ஒரு பிரேமுக்குக் கிடைப்பது 16.7 மில்லி வினாடி. ஒரு டிரா காலுக்குச் சிபியு 5 மைக்ரோ வினாடிதான் செலவிடுகிறது என்று தாராளமாக வைத்துக்கொள்வோம். ஆறாயிரத்துக்கு 30 மில்லி வினாடி ஆகிவிடுகிறது. எலும்புக் கணக்கை இன்னும் சேர்க்கவேயில்லை. வரைவதற்கு முன், வரையச் சொல்வதற்கே கிட்டத்தட்ட இரண்டு பிரேம் நேரம் போய்விடுகிறது.

ஒரே உருவத்தைப் பல இடங்களில் வரைய ஜிபியுவுக்கு ஒரு வழி இருக்கிறது. "இந்தத் தோலை எடுத்துக்கொள், இதோ ஆறாயிரம் இடங்கள், எல்லாவற்றிலும் வரை" என்று ஒரே கட்டளையில் சொல்லிவிடலாம். அதுதான் இன்ஸ்டன்சிங். மரங்களுக்கும் கற்களுக்கும் புற்களுக்கும் இது காலங்காலமாகப் பயன்படுகிறது. சிக்கல் என்னவென்றால், ஒரே கட்டளையில் போகும் அத்தனையும் ஒரே தோலைப் பகிர்ந்துகொள்கின்றன. எலும்பால் அசையும் பறவைக்கு இந்த நொடியில் அதற்கென்று தனித் தோல் வடிவம் இருக்கிறது, பக்கத்துப் பறவைக்கு வேறொன்று. அதனால்தான் நான் பயன்படுத்தும் யூனிட்டி என்ற விளையாட்டு இயந்திரத்தில் `SkinnedMeshRenderer` கொண்டு வரையப்படும் உருவங்களை இன்ஸ்டன்சிங்கில் சேர்க்க முடிவதில்லை.

இந்த முடிச்சை அவிழ்ப்பதுதான் வெர்டெக்ஸ் அனிமேஷன் டெக்ஸ்சர். கருத்து எளிமையானது. பூநாரை இரை தேடும் அசைவு மூன்று நொடியில் திரும்பத் திரும்ப வரும் ஒரு சுழற்சி. அந்த மூன்று நொடியில் 1,200 முனைகளும் எங்கெங்கே போகும் என்பது முன்கூட்டியே தெரியும். தெரிந்த ஒன்றை நொடிக்கு அறுபது முறை, ஆறாயிரம் பறவைகளுக்கு, ஏன் மறுபடி கணக்கிடவேண்டும்? ஒரே ஒரு முறை கணக்கிட்டு ஒரு பட்டியலில் எழுதிவைத்துவிட்டால், வரையும்போது பார்த்துப் படித்தால் போதும்.

பட்டியலில் ஒரு முனைக்கு ஒரு நெடுவரிசை, ஒரு கணத்துக்கு ஒரு கிடைவரிசை. நொடிக்கு 15 கணங்கள் வீதம் மூன்று நொடிக்கு 45 கிடைவரிசைகள் எடுத்தேன். ஆக 1,200 அகலம், 45 உயரம். ஒவ்வொரு கட்டத்திலும் மூன்று எண்கள் இருக்கும்: அந்த முனை அந்தக் கணத்தில் எக்ஸ், ஒய், இசட் திசைகளில் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பது. ஜிபியு இப்படிப்பட்ட பெரிய பட்டியலை வேகமாகப் படிப்பதற்கு வசதியான இடம் டெக்ஸ்சர், அதாவது வழக்கமாக உருவத்தின்மேல் ஒட்டும் படம். அதன் ஒவ்வொரு பிக்சலிலும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள் ஏற்கெனவே இருக்கின்றன. எனவே எக்ஸ் சிவப்பில், ஒய் பச்சையில், இசட் நீலத்தில் போய் உட்காருகின்றன. திரையில் திறந்து பார்த்தால் அர்த்தமில்லாத வண்ணக் கோடுகளாகத் தெரியும். ஆனால் அந்தக் கோடுகளுக்குள் பூநாரை குனிந்து நிமிர்ந்துகொண்டிருக்கிறது.

இப்போது எல்லாப் பறவைகளும் ஒரே தோலையும் ஒரே டெக்ஸ்சரையும் பகிர்ந்துகொள்ளலாம். ஒரு பறவைக்கென்று தனியாக வேண்டியது சில எண்கள்தான்: ஏரியில் எந்த இடம், எந்தத் திசை பார்த்து நிற்கிறது, சுழற்சியில் எந்த இடத்திலிருந்து தொடங்குகிறது, எவ்வளவு வேகம். ஜிபியுவில் ஓடி முனைகளை இடம் சேர்க்கும் சிறு நிரலான ஷேடர், தனக்கு வந்த முனையின் நெடுவரிசையையும் அந்தப் பறவையின் கிடைவரிசையையும் கண்டுபிடித்து, இரண்டு அடுத்தடுத்த வரிசைகளைப் படித்து நடுவில் கலக்கிறது.

```hlsl
float  t  = frac(_Cycle * bird.loops + bird.phase) * 45;
int    r0 = (int)t % 45;
int    r1 = (r0 + 1) % 45;
float3 d  = lerp(_PosTex.Load(int3(v, r0, 0)).xyz,
                 _PosTex.Load(int3(v, r1, 0)).xyz,
                 frac(t));
float3 p  = restPos + d;
```

நிரலின் சாரம் இவ்வளவுதான். எலும்பு இல்லை, பறவைக்கு ஒரு கட்டளை இல்லை. யூனிட்டியில் `Graphics.RenderMeshIndirect` மூலம் ஆறாயிரமும் ஒரே கட்டளையில் போய்விடுகின்றன. பட்டியலை உண்டாக்குவதும் கடினமில்லை. `AnimationClip.SampleAnimation` கொண்டு பறவையை ஒரு கணத்தில் நிறுத்தி, `BakeMesh` கொண்டு அந்தக் கணத்தின் தோலை எடுத்து, முனைகளை ஒரு வரிசையில் எழுதவேண்டும். இதை 45 முறை செய்யவேண்டும். இதில் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. சுழற்சியின் கடைசிக் கணமும் முதல் கணமும் ஒரே தோற்றம்தான். இரண்டையும் எழுதினால் சுழற்சி முடியும் ஒவ்வொரு முறையும் பறவை ஒரு கணம் உறைந்து நிற்கும். கடைசித் தோற்றத்தை எழுதாமல் விட்டுவிடவேண்டும்.

இனி நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். இந்த முறையில் வரும் கோளாறுகள் பெரும்பாலும் ஒரே வேரிலிருந்து முளைக்கின்றன. நம் கையில் இருப்பது எண் பட்டியல். ஆனால் அது படம் என்ற உடையில் இருக்கிறது. வழியில் இருக்கும் ஒவ்வொரு கருவியும் அதைப் படம் என்று நம்பி, படத்துக்கு நல்லது என்று தான் நினைப்பதைச் செய்துவைக்கிறது.

முதல் முயற்சியில் பட்டியலை பிஎன்ஜி கோப்பாகச் சேமித்தேன், எல்லா இடத்திலும் திறக்கும் என்பதால். நிமிர்ந்து நிற்கும் பறவையை அடிப்படைத் தோற்றமாக வைத்து, அதிலிருந்து ஒவ்வொரு முனையும் எவ்வளவு விலகுகிறது என்பதை எழுதியிருந்தேன். தலை தண்ணீர் வரை இறங்குவதால் இரு பக்கமும் ஒன்றரை மீட்டர் வரை விலக இடம் கொடுத்தேன். ஓட்டிப் பார்த்தபோது பறவை முழுவதும் தான் நிற்கவேண்டிய இடத்திலிருந்து கோணலாக ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் தள்ளி, முறுக்கிக்கொண்டு நின்றது. அசையவே அசையாத பாதங்கள்கூடத் தள்ளிப் போயிருந்தன. அதுதான் துப்பு. விலகல் பூஜ்யம் என்பதை 0.5 என்று எழுதியிருந்தேன். படக்கோப்புகளை உள்ளே வாங்கும் கருவி இதை வண்ணப்படம் என்று எடுத்துக்கொண்டு, வெளிச்ச அளவுகளை மாற்றும் காமாத் திருத்தம் செய்ததால், 0.5 என்பது ஷேடருக்கு 0.214 என்று போய்ச் சேர்ந்தது. மூன்று மீட்டர் பரப்பில் அந்த வித்தியாசம் 86 சென்டிமீட்டர், அதுவும் மூன்று திசைகளிலும். அசையாத முனைகளும் ஒன்றுபோல் நகர்ந்திருந்தால் காமாவைச் சந்தேகிக்கவேண்டும் என்று அன்று கற்றுக்கொண்டேன்.

அதே கருவி 1,200 அகலத்தை இரண்டின் அடுக்கான 1,024 ஆகச் சுருக்கவும் தெரிந்தது, இடத்தை மிச்சப்படுத்த அமுக்கவும் தெரிந்தது, தூரத்துக்கு மங்கலான சிறு பிரதிகளான மிப்மேப்களை உண்டாக்கவும் தெரிந்தது. நெடுவரிசையைச் சுருக்கினால் ஒரு முனையின் எண்ணும் பக்கத்து முனையின் எண்ணும் கலந்துவிடும். அலகின் முனையும் முழங்காலும் பட்டியலில் அடுத்தடுத்து இருக்கலாம். அவற்றின் சராசரி என்பது எந்த உறுப்பும் இல்லாத ஒரு வெற்றிடம். நான்கு வசதிகளையும் அணைத்தேன்.

பறவை தன் இடத்துக்கு வந்தது. ஆனால் கால்கள் நடுங்கின. பிஎன்ஜியில் ஒரு வண்ணத்துக்கு 256 படிகள்தான். மூன்று மீட்டரை 255ஆல் வகுத்தால் ஒரு படி கிட்டத்தட்ட 12 மில்லி மீட்டர். உடம்பில் இது தெரியாது. பூநாரையின் காலோ ஒரு விரல் தடிமன். அந்தக் காலின் இந்தப் பக்கத்து முனை ஒரு படி தாவும்போது அந்தப் பக்கத்து முனை தாவாமல் நின்றால், கால் ஒரு கணம் தட்டையாகி மறுபடி உருளும். பெரிய திரையில், கேமரா அருகே போகும்போது, குளிர்காய்ச்சல் வந்தவர்போல் கால்கள் வெடவெடத்தன.

இதற்கு மருந்து 16 பிட் மிதவை எண்கள். யூனிட்டியில் அந்த வடிவத்துக்கு `RGBAHalf` என்று பெயர். ஒரு கட்டத்துக்கு 8 பைட். 1,200 பெருக்கல் 45 பெருக்கல் 8 என்றால் 4,32,000 பைட், அரை மெகாபைட்டுக்கும் குறைவு. இந்த மிதவை எண்ணின் இயல்பு நமக்கு மிகவும் சாதகமானது. எண் பெரிதாக இருந்தால் அதன் படியும் பெரிது, எண் சிறிதானால் படியும் சிறிது. ஒரு மீட்டருக்கு மேல் விலகும் தலைக்குப் படி சுமார் ஒரு மில்லி மீட்டர். பத்து சென்டிமீட்டர் மட்டும் விலகும் காலுக்குப் படி ஒரு மில்லி மீட்டரில் பதினாறில் ஒரு பங்கு. நடுங்கிய கால்களுக்குத்தான் அதிகத் துல்லியம் கிடைக்கிறது. இடத்தை அப்படியே எழுதாமல் விலகலை எழுதுவதன் முழுப் பயனும் இங்கேதான் தெரிகிறது. அடிப்படைத் தோற்றமாக நிமிர்ந்த பறவைக்குப் பதில் குனிந்து மேயும் பறவையையே வைத்தேன். தலையின் விலகலும் சிறிதாகி, எல்லா முனைகளும் சீராயின.

இதற்குப் பின்னும் ஒரு கோளாறு மிஞ்சியது. அதைக் கண்டுபிடிக்க மூன்று நாள் ஆனது. அலகும் கழுத்தும் நன்றாக இருந்தன. இறக்கைகள் லேசாக நசுங்கியிருந்தன. வால் பகுதி கசக்கிய காகிதம் மாதிரி இருந்தது. அப்போது நான் வரிசைகளைக் கலப்பதற்கு மேலே காட்டிய இரண்டு படிப்புகளைப் பயன்படுத்தவில்லை. பக்கத்துப் பிக்சல்களைத் தானாகவே கலந்து தரும் ஜிபியுவின் வடிகட்டியை நம்பியிருந்தேன். நெடுவரிசையின் இருப்பிடத்தை 0 முதல் 1 வரையிலான பின்னமாகத் தோலின் இரண்டாவது ஆயத்தொலைவில் எழுதி, பிக்சலின் சரியான நடுவில் குறிவைத்தும் இருந்தேன். நடுவில் குறிவைத்தால் பக்கத்து நெடுவரிசை கலக்காது என்பது கணக்கு.

ஒவ்வொரு முனைக்கும் அதன் நெடுவரிசை எண்ணையே நிறமாகப் பூசிப் பார்த்தபோதுதான் விஷயம் வெளிச்சத்துக்கு வந்தது. எண் சிறிதாக இருந்த அலகு நலம், எண் பெரிதான வால் நாசம். தோலின் ஆயத்தொலைவுகள் இடம் மிச்சப்படுத்த 16 பிட்டாகச் சுருக்கப்பட்டிருந்தன. அந்த வடிவத்தில் 0.5க்கும் 1க்கும் இடையே ஒரு படி 2,048இல் ஒன்று. அதனால் குறி நடுவிலிருந்து 4,096இல் ஒரு பங்கு வரை பிசகலாம். 1,200 நெடுவரிசைகள் உள்ள டெக்ஸ்சரில் அது ஒரு பிக்சலின் 29 சதவீதம். அதாவது வாலின் ஒரு முனை, தன் இடத்தில் ஏழு பங்கும் பக்கத்து முனையின் இடத்தில் மூன்று பங்குமாக நின்றது. பின்னத்தை விட்டுவிட்டு நெடுவரிசையின் முழு எண்ணையே எழுதி, வடிகட்டி இல்லாமல் `Load` கொண்டு படிக்கத் தொடங்கினேன். 16 பிட் மிதவை எண்ணில் 2,048 வரை எல்லா முழு எண்களும் பிசகில்லாமல் நிற்கும். அதற்கு மேல் போனால் ஒற்றைப்படை எண்கள் காணாமல் போகும். ஆகவே பெரிய உருவங்களுக்கு அந்தச் சுருக்கத்தையே அணைத்துவிடுவது நல்லது.

முனைகளின் வரிசை எண்ணை ஜிபியுவே தருகிறதே, தனியாக ஏன் எழுதவேண்டும் என்று சிலர் கேட்பார்கள். உருவத்தை வடித்த மென்பொருளில் ஒரு முனையாக இருப்பது, வண்ணப்படத்தின் தையல் ஓடும் இடங்களில் இங்கே இரண்டாகப் பிளக்கும். வேகத்துக்காக வரிசையும் மாற்றப்படும். பட்டியலை ஓரிடத்திலும் தோலை வேறோரிடத்திலும் தயாரித்தால் எண்கள் பொருந்தாது. நெடுவரிசை எண்ணை முனையோடு கட்டிவைத்தால், முனை எங்கே போனாலும் எண் கூடவே போகும்.

பறவைகள் சரியான பின், பீமுலவாரிபாலெம் படகுத்துறையில் பல வருடமாகப் படகு ஓட்டும் ஓர் அண்ணாவை அழைத்து வந்து காட்டினேன். பூநாரைகளை அவர் அளவுக்குப் பார்த்தவர் எனக்குத் தெரிந்து யாரும் இல்லை. சிறிது நேரம் திரையைப் பார்த்துவிட்டு, "தம்பி, எல்லாம் வெவ்வேறு நேரத்தில் குனிகின்றன, அது சரி. ஆனால் தண்ணீருக்குள் இருக்கிற பறவை ஏன் அசையவில்லை?" என்று கேட்டார்.

நீரில் தெரியும் பிம்பத்தைச் சொன்னார். நான் அதுவரை கவனித்திருக்கவேயில்லை. மேலே ஆறாயிரம் பறவைகள் மேய்ந்துகொண்டிருந்தன. கீழே பிம்பத்தில் ஆறாயிரமும் அடிப்படைத் தோற்றத்தில் உறைந்து நின்றன. பிம்பத்தை வரைவதற்குத் தனி ஷேடர் இருந்தது, அதற்குப் பட்டியலைப் படிக்கத் தெரியாது. எலும்பு முறையில் தோல் ஏற்கெனவே வளைந்து வருவதால், யார் வரைந்தாலும் வளைந்த பறவையே வரும். இந்த முறையில் தோல் ஒருபோதும் வளைவதில்லை, வரையும் அந்தக் கணத்தில் மட்டும் ஷேடர் வளைக்கிறது. ஆகவே பிம்பம், நிழல், ஆழக் கணக்கு என்று பறவையை வரையும் ஒவ்வொரு இடத்திலும் அதே ஏழு வரிகள் இருக்கவேண்டும். தோலின் ஒவ்வொரு இடமும் எந்தத் திசை பார்க்கிறது என்று சொல்லும் செங்கோடுகளும் அப்படித்தான். அவற்றுக்கென்று இன்னொரு டெக்ஸ்சர் வேண்டும், இல்லையென்றால் கழுத்து வளைந்தாலும் வெயில் பழைய இடத்திலேயே விழுந்துகொண்டிருக்கும். இதற்கு 8 பிட் போதும்.

வேகத்தைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை உண்டு. கட்டளை ஒன்றாகிவிட்டால் எல்லாம் இலவசம் என்று நினைக்கிறோம். சிபியுவுக்கு மட்டும்தான் அது உண்மை. ஜிபியு இப்போதும் ஒரு பிரேமுக்கு 6,000 பெருக்கல் 1,200, அதாவது 72 லட்சம் முனைகளை இடம் சேர்க்கவேண்டும். பிம்பத்துக்கு மறுபடி அதே அளவு. அந்தச் சிறிய கணினி அதில் மூச்சுத் திணறியது. திரையில் மூன்று பிக்சல் உயரத்தில் தெரியும் பறவைக்கு 1,200 முனை எதற்கு? 1,200 முனை, 300 முனை, 60 முனை என்று மூன்று தோல்கள் செய்தேன். தோல் மாறினால் முனைகளும் மாறும் என்பதால் ஒவ்வொன்றுக்கும் தனிப் பட்டியல் வேண்டும். அருகில் 200 பறவைகள், நடுவில் 1,300, தொலைவில் 4,500 என்று பிரிந்தபோது மொத்தம் ஒன்பது லட்சம் முனைகள். எட்டில் ஒரு பங்கு. எந்தப் பறவை எந்தத் தோலில் என்று பிரிப்பதையும், கேமராவுக்குப் பின்னால் இருப்பவற்றைக் கழிப்பதையும் ஒரு சிறிய கம்ப்யூட் ஷேடர் ஒவ்வொரு பிரேமிலும் செய்கிறது. அதை நாமேதான் எழுதவேண்டும். ஒரே கட்டளையில் போகும் கூட்டம் முழுவதையும் இயந்திரம் ஒரே பொருளாகத்தான் பார்க்கிறது. அதன் எல்லைப் பெட்டியைத் தவறாகக் கொடுத்தால், கேமரா சற்றுத் திரும்பியதும் ஏரி முழுவதும் ஒரே நொடியில் காலியாகிவிடும்.

கூடம் திறந்து நாலைந்து நாள் கழித்து அங்கிருந்து தொலைபேசி வந்தது. பறவைகள் திக்கித் திக்கி அசைகின்றன என்றார்கள். போய்ப் பார்த்தேன். கேமரா வழுக்கிக்கொண்டு நகர்ந்தது, பிரேம் எண்ணிக்கை குறையவில்லை, பறவைகள் மட்டும் பழைய ஊமைப்படம்போல் வெட்டி வெட்டி அசைந்தன. கணினியை அணைத்துப் போட்டதும் சரியாகிவிட்டது. என்னிடம் இருக்கும்போது ஒருபோதும் வராத கோளாறு, ஏனென்றால் நான் தினமும் இரவில் அணைத்துவிடுவேன். அவர்கள் அணைக்கவில்லை.

ஷேடருக்கு நேரத்தை, தொடங்கியதிலிருந்து எத்தனை நொடி என்று 32 பிட் மிதவை எண்ணாகக் கொடுத்திருந்தேன். எண் பெரிதாகப் பெரிதாகப் படியும் பெரிதாகும் என்று கால்களின் கதையில் சொன்னேன் அல்லவா, அதே இயல்பு இங்கே பகையாகிவிட்டது. ஒரு நாள் முடிந்தபோது 86,400 நொடி. அங்கே படி 8 மில்லி வினாடி, கண்ணுக்கு இன்னும் தெரியாது. நான்கு நாளில் படி 31 மில்லி வினாடி. நொடிக்கு 60 பிரேம் வரைந்தாலும் பறவைக்கு நேரம் நொடிக்கு 32 முறைதான் நகரும். பத்து நாள் விட்டிருந்தால் 16 முறைதான்.

நேரத்தைச் சிபியுவில் இரட்டைத் துல்லியத்தில் வைத்து, 600 நொடிக்கு ஒரு முறை பூஜ்யத்துக்குத் திருப்பிவிடலாம். ஆனால் பறவைக்குப் பறவை வேகம் வேறு. திருப்பும் அந்தக் கணத்தில் ஒரு பறவை சுழற்சியின் நடுவில் இருந்தால், அது வேறொரு தோற்றத்துக்குக் குதித்துவிடும். அதனால் வேகத்தைப் பின்னமாகக் கொடுக்காமல், 600 நொடியில் எத்தனை முழுச் சுழற்சி என்று கொடுத்தேன். சராசரிப் பறவைக்கு 200, சோம்பலான பறவைக்கு 180, துறுதுறுப்பான பறவைக்கு 220, இடையில் எல்லா முழு எண்களும். நிரலில் `loops` என்று இருப்பது இதுதான். `_Cycle` என்பது 600 நொடியில் 0இலிருந்து 1 வரை போகும் எண். முழு எண் சுழற்சிகள் என்பதால், நேரம் திரும்பும்போது ஒவ்வொரு பறவையும் தான் தொடங்கிய அதே தோற்றத்தில் இருக்கும். குதிப்பு இல்லை.

இனி இந்த முறையால் முடியாதது. பட்டியலில் இருப்பதைத்தான் பறவை செய்யும். மேய்ச்சலும் பறத்தலும் இரண்டு பட்டியல்களாக இருக்கும்போது ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகும் வழியைப் பட்டியல் சொல்வதில்லை. இரண்டு தோற்றங்களையும் பாதிக்குப் பாதி கலந்தால் என்ன ஆகும்? எலும்பு முறையில் கோணங்கள் கலக்கும், இறக்கை வட்டமாகச் சுழன்று விரியும். இங்கே முனைகளின் இடங்கள் கலக்கின்றன, ஒவ்வொரு முனையும் நேர்கோட்டில் போகிறது. வட்டத்தின் ஓரத்தில் போகவேண்டிய இறக்கை நுனி வட்டத்தின் குறுக்கே வெட்டிப் போவதால், நடுவழியில் இறக்கை குட்டையாகிறது. 20 பாகை சுழற்சிக்கு ஒன்றரை சதவீதம் குறையும், யாருக்கும் தெரியாது. 120 பாகைக்குப் பாதி இறக்கை காணாமல் போகும். பட்டியலின் அடுத்தடுத்த வரிசைகளுக்கு இடையிலும் இதே விதிதான். நிதானமாக மேயும் பறவைக்கு நொடிக்கு 15 வரிசை போதும். சிறகடிக்கும் பறவைக்கு நொடிக்கு 60 வைத்தேன்.

பூநாரை நின்ற இடத்திலிருந்து எழும்பாது. கழுத்தை நீட்டி, தண்ணீர்மேல் சில அடி ஓடி, பிறகுதான் மேலே ஏறும். அந்த ஓட்டத்தைத் தனிப் பட்டியலாக எழுதினேன். அதன் முதல் வரிசை, மேய்ச்சல் பட்டியலில் தலை சற்று உயரும் 31ஆம் வரிசையோடு அப்படியே பொருந்தும். எழும்பு என்று கட்டளை வந்ததும் பறவை உடனே எழும்பாது, தன் சுழற்சியில் 31ஆம் வரிசை வரும்வரை காத்திருக்கும். அது மூன்று நொடிக்கு மேல்கூட ஆகலாம். இந்தத் தாமதம் குறையாகத் தெரியுமோ என்று பயந்தேன். ஆனால் ஒவ்வொரு பறவையும் சுழற்சியின் வெவ்வேறு இடத்தில் இருப்பதால், சில உடனேயும் சில தயங்கியும் எழும்பின. கூட்டம் ஒரே பலகையாக எழாமல் உதிரி உதிரியாக எழுந்தது. படகோட்டி அண்ணா இரண்டாம் முறை வந்தபோது அந்தக் காட்சியைத்தான் திரும்பத் திரும்ப ஓட்டச் சொல்லிப் பார்த்தார்.

கேமராவுக்கு மிக அருகே வரும் பறவைகள்தான் கடைசிச் சிக்கல். பார்வையாளர் அருகே போனால் பூநாரை தலையைத் திருப்பி அவரைப் பார்க்கவேண்டும் என்று கேட்டார்கள். எந்தத் திசையில் ஆள் நிற்பார் என்பதை முன்கூட்டியே பட்டியலில் எழுத முடியாது. எனவே கேமராவுக்கு அருகில் இருக்கும் 12 பறவைகளை மட்டும் கூட்டத்திலிருந்து எடுத்துவிட்டு, அதே இடத்தில், சுழற்சியின் அதே கணத்தில், 40 எலும்புள்ள பழைய பறவைகளை நிறுத்துகிறேன். பன்னிரண்டு டிரா கால் அந்தக் கணினிக்கு ஒரு சுமையே அல்ல. மாற்றும் கணத்தில் தோல் ஒரு மில்லி மீட்டருக்கும் குறைவாகத்தான் நகர்கிறது. அதற்குப் பிறகுதான் கழுத்து மெதுவாகத் திரும்பத் தொடங்குகிறது.